கலைச்சொல் வேண்டும்: புல் கால் ஸ்பிரெட், ஸ்ட்ரைக் பிரைஸ், பிரேக்ஈவன்

தேன்மொழி:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி பி.காம். மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புல் கால் ஸ்பிரெட் பகுதி மட்டும் சொற்களுக்காக நிற்கிறது. நான் வைத்திருக்கும் கணக்கு இது: நிஃப்டி 24,000 பக்கத்தில் இருக்கிறது, கொஞ்சம் ஏறும், ரொம்ப ஏறாது என்று ஒருவர் நினைக்கிறார். 24,000 என்ற ஸ்ட்ரைக் பிரைஸில் வாங்கும் உரிமையைத் தரும் கால் ஆப்ஷன் ஒன்றை 210 ரூபாய்க்கு வாங்கி, அதே எக்ஸ்பைரியில், அதாவது அதே நாளில் முடியும் 24,300 கால் ஒன்றை 90 ரூபாய்க்கு விற்கிறார். கையிலிருந்து போவது 120. அதிகபட்ச நட்டமும் அதே 120தான். இரண்டு விலைக்கும் இடைவெளி 300, அதில் செலவைக் கழித்தால் அதிகபட்ச லாபம் 180. பிரேக்ஈவன் 24,120. ஒலிபெயர்த்தே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ‘புல் கால்’ என்று எழுதினால் புல்லும் காலுமாக வாசிக்கிறார்கள், ‘காலை வாங்கினார்’ என்று வந்தால் இன்னும் மோசம்.

இராமநாதன்:
ஏறும் சந்தையைக் குறிக்கும் ‘புல்’லுக்குக் காளை என்று பத்திரிகைகள் எழுதுவது இருக்கட்டும், நம்மிடம் ‘ஏறு’ இருக்கிறதே. முல்லைக்கலியில் ஆயர் தழுவுகிற ஏறு, மேலே போவதும் ஏறு. விலங்கும் வினையும் ஒரே வடிவில் அமைந்த சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒரு எச்சரிக்கை மட்டும். பெயராக நின்றால் நன்னூல் சொல்லும்படி வேற்றுமையில் றகரம் இரட்டும், ஆறு ஆற்றுநீர் ஆவதுபோல ஏறு ‘ஏற்று’ ஆகிவிடும். வினையாகக் கொண்டால் ஏறுசந்தை, ஏறுவிலை என்று வினைத்தொகையாக அப்படியே நிற்கும். எந்த ஏற்றை எடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஸ்ட்ரைக் பிரைஸுக்குக் ‘குறிவிலை’. குறித்த விலை, குறிக்கும் விலை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

கணேசன்:
ஐயா, ஏறு தழுவுவதற்குள் கணக்கைச் சரிபார்ப்போம். 24,000 காலுக்கு 210 கொடுத்திருக்கிறார் என்றால் பிரேக்ஈவன் 24,210 தானே? காஸ்டிங் பாடத்திலும் போட்ட பணம் திரும்பும் இடம்தான் பிரேக்ஈவன். அப்புறம், கால் விற்றவருக்கு நட்டத்துக்கு எல்லையே இல்லை என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். அதிகபட்ச நட்டம் 120 என்று மாணவர்களுக்குச் சொல்வது ஆபத்து.

சுரேஷ்:
கணேசன் சார், போட்ட பணம் திரும்பும் இடம் என்பது சரி, ஆனால் அவர் போட்டது 210 இல்லை. விற்ற காலுக்கு 90 அன்றைக்கே வந்துவிட்டது. எக்ஸ்பைரியில் 24,210 வந்தால் வாங்கிய கால் 210 பெறும், விற்றது செல்லாமல் போகும், செலவு 120 போக 90 லாபத்தில் நிற்பார். ஒரே ஒரு கால் வாங்கியவருக்குத்தான் 24,210. அந்த 90 புள்ளி இறங்குவதற்குத்தானே மேலே விற்றது. அதற்குப் பதிலாக 24,300க்கு மேல் வரும் லாபத்தை விட்டுக்கொடுக்கிறார்.

எல்லையில்லா நட்டம் என்பது விற்ற கால் தனியாக நிற்கும்போது. இங்கே 25,000 போனாலும் வாங்கியது 1,000 தரும், விற்றது 700 எடுக்கும், மிச்சம் 300. 26,000 போனாலும் அதே 300தான். ஆனால் உங்கள் பயத்துக்கு ஒரு இடம் உண்டு. நல்ல லாபம் தெரிகிறதே என்று வாங்கிய காலை மட்டும் முதலில் விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிமிடமே விற்ற கால் தனியாகிவிடும், ஈடாகக் கட்டிவைக்கும் மார்ஜின் தொகை சட்டென்று ஏறுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வெளியே வரும்போது விற்றதைத் திரும்ப வாங்கிவிட்டு, அப்புறம் மற்றதை விற்க வேண்டும்.

தேன்மொழி, இன்னொன்றும் சேருங்கள். 180, 24,120 எல்லாமே எக்ஸ்பைரி நாள் கணக்கு. நடுவில் நிஃப்டி 24,350 தொட்டாலும் திரையில் 180 லாபம் தெரியாது, விற்ற காலில் இன்னும் கால மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ‘கணக்கு தப்பு’ என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள்.

பாத்திமா:
மொழிபெயர்ப்பில் எனக்கு வரும் சிக்கல் வேறு. காலை ‘வாங்குரிமை’, புட்டை ‘விற்புரிமை’ என்று வைத்திருக்கிறேன், புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ‘வாங்குரிமையை விற்கிறார்’ என்று வரும்போது வகுப்பே திகைக்கும். விற்றவரிடம் உரிமையே இல்லை, கேட்டால் கொடுக்கும் கடமைதான் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பிரேக்ஈவனுக்குச் ‘சமநிலைப் புள்ளி’ வேண்டாம். பொருளாதாரப் பாடத்தில் தேவையும் அளிப்பும் சந்திக்கும் விலையைச் சமநிலை விலை என்று அதே மாணவர்கள் படிக்கிறார்கள். கடைக்காரர்கள் ‘முதல் தேறுமா’ என்று கேட்பார்களே, அதையே ‘முதல் தேறும் விலை’ என்று வைக்கலாம். கீழ்க்குறிவிலையோடு செலவைக் கூட்டினால் முதல் தேறும் விலை, வாக்கியமாகவே வந்துவிடுகிறது.

அன்வர்:
நானும் இதைச் செய்து மாட்டிக்கொண்டேன், அதனால் சொல்கிறேன். என்னுடையது ஒரு கம்பெனிப் பங்கில். 1,500 கால் வாங்கி 1,560 கால் விற்றிருந்தேன். எக்ஸ்பைரியில் பங்கு 1,530ல் முடிந்தது, 30 ரூபாய் வரும் என்று உட்கார்ந்திருந்தால், ஒரு லாட்டில் அடங்கும் பங்குகள் முழுவதையும் 1,500 விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி மொத்தப் பணம் கேட்டார்கள். மறுநாள் பங்கு இறங்கியே திறந்தது. அதிகபட்ச நட்டம் என்று எழுதியதெல்லாம் எனக்குப் பொருந்தவே இல்லை. இதற்கு என்ன சொல் வைப்பீர்கள்?

சுரேஷ்:
இது நிஃப்டிக்கு வராது, அங்கே வித்தியாசம் பணமாகவே கணக்குத் தீர்கிறது. பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் 2019 அக்டோபரிலிருந்து பங்கையே கொடுத்து வாங்கித் தீர்ப்பவை. 1,560ஐத் தாண்டி முடிந்திருந்தால் எடுப்பதும் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று கழிந்திருக்கும். இரண்டு குறிவிலைக்கும் நடுவில் முடிந்ததுதான் வினை. விற்றது செல்லாமல் போய், வாங்கியது மட்டும் உயிரோடு நின்று பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த நிமிடமே ஸ்பிரெட் முடிந்துவிட்டது, அதற்கு அப்புறம் வந்த நட்டம் பங்கு வைத்திருப்பவரின் நட்டம். பங்கு ஆப்ஷன் என்றால் எக்ஸ்பைரிக்கு முன்பே இரண்டையும் முடித்துவிடுவதுதான் வழி.

கணேசன்:
24,120 கணக்கு புரிந்தது. சொற்களில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மாணவர் நாளைக்கு ஆர்டர் போடும் திரையில் NIFTY 24000 CE என்றுதான் இருக்கும், வாங்குரிமை என்று இருக்காது. தமிழில் படித்த பையன் அங்கே போய்த் திணறினால் யார் பொறுப்பு? ஸ்ட்ரைக், பிரீமியம், கால் ஆப்ஷன் இவற்றை அப்படியே விட்டு மற்றதைத் தமிழில் எழுதுங்கள்.

தேன்மொழி:
நேரமில்லை, அதனால் பெரும்பான்மையை எடுத்துக்கொள்கிறேன். குறிவிலை, வாங்குரிமை, முதல் தேறும் விலை, மொத்தத்துக்கு ‘ஏறுமுக வாங்குரிமை இணை’. பிரீமியம் பிரீமியமாகவே இருக்கட்டும். கணேசன் சாருக்காக ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் ஒலிபெயர்ப்பையும், திரையில் அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். அன்வர் சொன்னது தனிப் பத்தியாக வருகிறது, பெயர் இல்லாமல்.

இராமநாதன்:
‘இணை’யை நான் ஏற்கவில்லை, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். இரண்டு உரிமைகள் சேர்ந்திருப்பது எத்தனையோ வகைகளில் நடக்கும். ஒரே குறிவிலையில் வாங்குரிமையும் விற்புரிமையும் சேர்த்து வாங்குகிறார்களாமே, அதுவும் இணைதான். இங்கே 300 என்ற இடைவெளிதான் லாபத்தின் உச்சவரம்பைக் கட்டுகிறது, பெயரில் அது இருந்தாக வேண்டும். ‘ஏறுமுக இடைவெளி’ என்று நான் முன்வைக்கிறேன். அடுத்த பதிப்பிலாவது பார்க்கவும்.