தமிழ்வழி இணையப் பாடத் தளத்துக்கு என்ன பெயர்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி: 6 முதல் 10 வரை கணக்கு, அறிவியல், தமிழ்வழிப் பாடம். கையில் மூன்று பெயர்: முகப்பு, எழுத்தாணி, தமிழ்க் கல்வி மேடை. செட்டிநாட்டு மணம் இருக்கட்டும் என்று எனக்கு முகப்பு பிடித்திருக்கிறது. எது நிற்கும்?

தேவகோட்டை: முகப்பை விட்டுவிடுங்கள் தம்பி. நம் ஊரில் அது வீட்டின் முன்பகுதி. ஆனால் பாதித் தமிழ் இணையதளங்களில் முதல் பக்கத்துக்கான பொத்தானே 'முகப்பு'தான். கூகுளில் தேடினால் அத்தனை தளங்களும் வந்து நிற்கும், உங்களுடையது அடியில் போய்விடும். தமிழ்க் கல்வி மேடையில் வேறு சிக்கல். அது சேவையை அப்படியே சொல்கிற பெயர். டிரேட்மார்க் சட்டம் 9-ஆம் பிரிவைக் காட்டி ஆட்சேபிப்பார்கள். தமிழில் எழுதியிருப்பதால் தப்பாது, பொருளைத்தான் பார்ப்பார்கள்.

பள்ளத்தூர்: இவ்வளவு எதற்கு? டொமைன் வாங்கிவிட்டால் பெயர் நமக்குத்தானே.

தேவகோட்டை: டொமைனை முதலில் வாங்குவது சரிதான் அண்ணே. ஆனால் அது முகவரி மட்டும். அதே பெயரை இன்னொருவர் டிரேட்மார்க்கில் கிளாஸ் 41 என்ற வகையில் பதிந்து வைத்திருந்தால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். பயிற்சிக்கு 41, செயலிக்கு 9. தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய்.

கோட்டையூர்: எங்கள் பலகாரக் கடைப் பெயரே முகப்புதான். தம்பி வைத்தால் நாங்கள் தடுக்கலாமா?

தேவகோட்டை: பலகாரம் கிளாஸ் 30 அக்கா. ஊரெல்லாம் புகழ்பெற்ற பெயராக இருந்தாலொழிய பாடத் தளத்தைத் தடுப்பது கடினம்.

தம்பி, எழுத்தாணிக்கு வருவோம். நல்ல பெயர், ஆனால் பிள்ளைகளும் பெற்றோரும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். ezhuthani, ezhuthaani, ezuthani, eluthani என்று ழகரம் ஒன்றே மூன்று விதமாக வரும். பெயரைக் காட்டாமல் போனில் சொல்லி, பத்துப் பேரைத் தட்டச் சொல்லிப் பாருங்கள். அதிகம் பேர் எழுதியதைப் பிரதான முகவரியாக வைத்து, மற்றவற்றில் இரண்டை வாங்கி அதற்கே திருப்பிவிடுங்கள். டிரேட்மார்க் தளத்தின் இலவசத் தேடலிலும் இத்தனை வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். சொல் தேடலோடு ஒலி தேடலும் அங்கே உண்டு. ஒன்றை மட்டும் பார்த்து 'காலி' என்று நினைப்பவர்கள்தான் பிறகு மாட்டுகிறார்கள்.

பள்ளத்தூர்: அப்படியானால் தமிழிலேயே முகவரி வாங்கிவிடலாமே? .இந்தியா கிடைக்கிறதே.

தேவகோட்டை: கிடைக்கிறது. ஆனால் நகலெடுத்து ஒட்டினால் சில இடங்களில் `xn--` என்று தொடங்கும் எழுத்துக் குவியலாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அதைப் பார்த்த பெற்றோர் மோசடி லிங்க் என்று பயப்படுவார்கள். கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இருக்க வேண்டாம்.

காரைக்குடி: 'வளவு'? நம் வீட்டின் உள்முற்றப் பகுதி. valavu, ழகரச் சிக்கல் இல்லை.

கோட்டையூர்: நமக்குப் புரியும். தருமபுரிப் பிள்ளைக்கு?

தேவகோட்டை: புரியாதது பதிவுக்கு நல்லதே அக்கா, பாடத்தோடு ஒட்டாத சொல்லைத்தான் எளிதில் பாதுகாக்கலாம். ஆனால் 'வலவு' என்று எத்தனை பேர் கேட்பார்களோ, அதையும் போனில் சொல்லிப் பாருங்கள் தம்பி.