இணைந்த திட்டவிலக்கம் இரண்டு வகுப்பின் திட்டவிலக்கத்தையும் விடப் பெரிதாக வருமா? படத்தில் ஓர் எண் வேறு தெளிவாக இல்லை

நிலா_12
பலகையில் எழுதிப் போட்ட தொகுப்பு எண்களை நண்பர் போனில் படம் எடுத்து அனுப்பினார். அ வகுப்பில் 40 பேர், சராசரி 65, திட்டவிலக்கம் 10. ஆ வகுப்பில் 60 பேர், சராசரி 50, திட்டவிலக்கம் 12 என்று நினைக்கிறேன், வெளிச்சம் பட்டு அது 17 போலவும் தெரிகிறது. இணைந்த சராசரி 56 என்று சரியாக வந்துவிட்டது. திட்டவிலக்கம்தான் சிக்கல். வர்க்கங்களை ஆள் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி 100-ஆல் வகுத்தேன், 126.4 வந்தது, வர்க்கமூலம் 11.24. படத்தின் கீழே விடை 13.4 என்று இருக்கிறது, அதற்கடுத்த இலக்கம் படம் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. 10-ஐயும் 12-ஐயும் சேர்த்தால் 13 எப்படி வரும்? விடையே தப்பா?

கதிர்
விடைதான் தப்பாக இருக்கும். நேராக 10 × 40, 12 × 60 கூட்டி 100-ஆல் வகுத்துப் பாருங்கள், 11.2 வருகிறது. உங்களுடையதும் கிட்டத்தட்ட அதேதான். எண்ணிக்கைக்கு ஏற்ற எடை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பழைய_புள்ளியியல்
எடை கொடுக்க வேண்டும் என்பது வரை கதிர் சொல்வது சரி. ஆனால் திட்டவிலக்கங்களை நேராகச் சராசரி எடுக்கக் கூடாது. இங்கே 10, 12 என்று பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பதால்தான் 11.2-உம் 11.24-உம் ஒன்றுபோலத் தெரிகின்றன, 5-உம் 20-உம் இருந்திருந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

நிலா, உங்கள் கணக்கில் விட்டுப்போனது வேறு. 10 என்பது 65-லிருந்து அ வகுப்பு மாணவர்கள் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று சொல்கிறது, 12 என்பது 50-லிருந்து. இரண்டு வகுப்பையும் ஒன்றாகப் போட்டபின் எல்லாருடைய விலகலையும் 56-லிருந்து அளக்க வேண்டும். அ வகுப்பின் சராசரி 56-க்கு 9 மேலே இருக்கிறது, ஆ வகுப்பின் சராசரி 6 கீழே. அந்த விலகலின் வர்க்கத்தையும் சேருங்கள்:

```
40 × (10² + 9²) = 40 × 181 = 7240
60 × (12² + 6²) = 60 × 180 = 10800
(7240 + 10800) / 100 = 180.4
√180.4 ≈ 13.43
```

அதாவது 126.4 உள்ளே இருக்கும் சிதறல், மீதி 54 இரண்டு சராசரிகளுக்கு நடுவே உள்ள 15 மதிப்பெண் இடைவெளியால் வந்தது. அதனால் இரண்டையும் விடப் பெரிதாக வருவதில் வியப்பில்லை. இரண்டு சராசரியும் ஒன்றாக இருந்திருந்தால் உங்கள் 11.24-தான் சரியான விடை.

12-ஆ 17-ஆ என்பதையும் இதை வைத்தே பார்க்கலாம். 17 போட்டால் 16.35 வருகிறது, 13.4 பக்கமே வராது. ஆகவே 12 என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பலகையில் எழுதிய விடை சரி என்ற நம்பிக்கையில்தான் இதைச் சொல்கிறேன்.

மாறன்
நான் போன மாதம் இரண்டு பிரிவுகளின் சராசரி வேறுபடுகிறதா என்று டி-சோதனை செய்தபோது இணைந்த திட்டவிலக்கத்துக்குப் போட்ட முறையில் இங்கே 39 × 100 + 59 × 144 போட்டு 98-ஆல் வகுத்தால் வர்க்கமூலம் 11.25 வருகிறது. அன்று சராசரி இடைவெளியைச் சேர்க்கவே இல்லை, மென்பொருளும் அப்படித்தான் தந்தது. அப்படியானால் 13.43 எப்படிச் சரியாகும்?

பழைய_புள்ளியியல்
மாறன், நீங்கள் கேட்கும் கேள்வி வேறு. அங்கே இரண்டு சராசரிகளும் வேறா என்று பார்க்கிறீர்கள், அதனால் அந்த இடைவெளியைச் சிதறலுக்குள் கலந்துவிடக் கூடாது, வகுப்புக்குள் உள்ள சிதறல் மட்டும் போதும். நிலா 100 பேரையும் ஒரே கூட்டமாக்கிக் கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே பேர் வைத்துவிட்டதால் தேடும்போது தப்பான சூத்திரம் கையில் சிக்கிவிடுகிறது.

நிலா_12
சரி, 9-உம் 6-உம் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறது, நன்றி ஐயா. அந்த வெட்டுப்பட்ட இலக்கம் 3 என்றே எழுதிவிடலாமா?

பழைய_புள்ளியியல்
அவசரப்படாதீர்கள். 10-உம் 12-உம் கால்குலேட்டரில் σx பொத்தானில் எடுத்தவையா, sx பொத்தானில் எடுத்தவையா என்று தெரிந்தால்தான் அதைச் சொல்ல முடியும். மேலே போட்டது எண்ணிக்கையாலேயே வகுத்த கணக்கு. ஒன்று குறைத்து வகுத்திருந்தால்:

```
39 × 100 + 59 × 144 = 12396
40 × 81 + 60 × 36 = 5400
√(17796 / 99) ≈ 13.41
```

படத்தில் தெரியும் 13.4 இரண்டுக்குமே பொருந்துகிறது. மேல் வரியில் σ இருக்கிறதா s இருக்கிறதா?

நிலா_12
மேல் வரி படத்திலேயே இல்லை. நண்பரிடம் முழுப் பலகைப் படம் கேட்டிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.