21 அளவீடுகளுக்கு 20-ஆம் படி வளைவு போட்டால் ஓரங்களில் தாறுமாறாக ஆடுகிறது, ஏன்?

ஹால்_சென்சார்:
நீளமான நேர்க்கம்பியில் 10 ஆம்பியர் மின்னோட்டம். அதற்கு 2 செ.மீ. கீழே ஓர் அளவுகோலை கம்பிக்குக் குறுக்காக வைத்து, −10 முதல் +10 செ.மீ. வரை 1 செ.மீ.க்கு ஒரு முறை காந்தப்புலத்தின் கிடைக்கூறை அளந்தேன். மொத்தம் 21 புள்ளிகள். எல்லாவற்றின் வழியாகவும் போகும் ஒரே பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தினால் நடுவில் அருமையாக இருக்கிறது, ஓரங்களில் ஆயிரக்கணக்கில் எகிறுகிறது. சென்சார் கோளாறோ என்று அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சூத்திரத்தின் மதிப்புகளையே கொடுத்துப் பார்த்தேன்.

```python
import numpy as np
from scipy.interpolate import BarycentricInterpolator
x = np.arange(-10., 11.)
B = 100/(1 + (x/2)**2)      # µT
p = BarycentricInterpolator(x, B)
print(p(0.5), p(9.5))
```

0.5 செ.மீ.யில் 94.25 வருகிறது (சரியான மதிப்பு 94.12). 9.5 செ.மீ.யில் 4.24 வர வேண்டும், வருவது −3995! எங்கே தப்பு?

எக்செல்_மன்னன்:
எனக்கும் இதே தொல்லை. விற்பனைக் கணக்குக்கு ஆறாம் படி டிரெண்ட்லைன் போட்டேன், அடுத்த மாதம் மைனஸில் போய்விட்டது. படியை 2 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

ஹால்_சென்சார்:
அண்ணா, உங்களுடையது தரவுக்கு வெளியே நீட்டுவது. எனக்கு 9-க்கும் 10-க்கும் நடுவிலேயே, இரண்டு பக்கமும் புள்ளி இருக்கும் இடத்தில் ஆடுகிறது.

பிட்_பைட்:
தசமத் துல்லியப் பிரச்சினைதான். 20-ஆம் படி என்றால் 10-இன் 20-ஆவது அடுக்கு வரும், 64 பிட் எண் தாங்காது.

ஹால்_சென்சார்:
எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. Fraction வைத்து, தசமமே இல்லாமல் பின்னமாகவே கணக்கிட்டேன். அப்போதும் −3995.

ஓய்வு_வாத்தியார்:
நல்ல சோதனை செய்தீர்கள் தம்பி. அந்த வளைவு உங்கள் 21 புள்ளிகளுக்கு முற்றிலும் சரியான விடை. ஆட்டம் கணினியில் இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. 1901-இல் கார்ல் ருங்கே காட்டியது இதைத்தான். அவர் எடுத்த சார்பும் உங்களுடையதும் அளவுகோல் மாற்றினால் ஒன்றே.

ஓரிடத்தில் வரும் பிழைக்குள், அந்த இடத்திலிருந்து 21 புள்ளிகளுக்கும் உள்ள தூரங்களின் பெருக்கல் உட்கார்ந்திருக்கிறது. 0.5-இல் நின்றால் எந்தப் புள்ளியும் 10.5-ஐவிடத் தொலைவில் இல்லை. 9.5-இல் நின்றால் வலப்பக்கம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் இடப்பக்கம், 19.5 வரை தூரம். இரண்டு பெருக்கலையும் போட்டுப் பாருங்கள், ஓரத்தில் சுமார் 35,500 மடங்கு பெரிது.

அந்தப் பெருக்கலை வகுத்து அடக்குவது எது என்பதுதான் சுவையானது. உங்கள் சார்பு 100/(1 + x²/4). x-க்குக் கலப்பெண் கொடுத்தால் ±2i-இல் வெடிக்கும். அந்த 2 எது தெரியுமா? உங்கள் கம்பியின் உயரம்! ±2i-இலிருந்து 21 புள்ளிகளுக்கும் உள்ள தூரங்களின் பெருக்கல்தான் கிட்டத்தட்ட வகுக்கும் எண். கம்பி கிட்டே இருந்தால் அது சிறுத்துவிடும். புள்ளிகளைக் கூட்டக் கூட்ட, சுமார் ±7.3 செ.மீ.க்கு உள்ளே வகுப்பது ஜெயிக்கும், வெளியே தோற்கும். கம்பியை 5.3 செ.மீ.க்கு மேல் தூக்கினால் ஓரத்திலும் பிழை குறைந்துகொண்டே போகும். சூத்திரத்தில் 2-க்குப் பதில் 6 போட்டு நீங்களே பாருங்கள்.

பிட்_பைட்:
அப்படியானால் கம்பியைத் தூக்கிவிட்டால் போதுமா?

ஓய்வு_வாத்தியார்:
சூத்திர மதிப்புக்குப் போதும், அளந்த மதிப்புக்குப் போதாது. நீங்கள் சொன்னதில் பாதி இங்கேதான் உண்மையாகிறது. சம இடைவெளியில் 21 புள்ளி என்றால், மதிப்பில் உள்ள சிறு பிழை மிக மோசமான நிலையில் ஓரத்தில் சுமார் 11,000 மடங்காகலாம். சென்சார் அரை மைக்ரோடெஸ்லா தடுமாறினாலே கதை முடிந்தது.

மறுபடி அளக்க முடியுமானால் செபிஷேவ் இடங்களில் அளங்கள்: 9.97, 9.75, 9.31 என்று ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் ஒன்றரை செ.மீ. இடைவெளியில். அதே 20-ஆம் படிக்கு மிகப்பெரிய பிழை சுமார் 1.5 மைக்ரோடெஸ்லாதான். முடியாவிட்டால் CubicSpline. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். சார்பின் வடிவம் தெரிந்திருக்கும்போது உச்ச மதிப்பையும் உயரத்தையும் மட்டும் curve_fit-இல் தேடுங்கள்.

ஹால்_சென்சார்:
ஸ்ப்லைன் போட்டேன், ஆட்டம் நின்றது. 6 போட்டதும் நின்றது, நம்பவே முடியவில்லை. curve_fit மட்டும் இடது ஓரத்தில் ஒட்டவில்லை: −10-இல் 3.8 வர வேண்டிய இடத்தில் அளவீடு 7 காட்டுகிறது.

எக்செல்_மன்னன்:
மின்னோட்டம் திரும்பி வரும் கம்பி அந்தப் பக்கமாகப் போகிறதா?

ஹால்_சென்சார்:
மேசைக்கு அடியில் போகிறது. நாளை அதை நகர்த்திவிட்டு அளந்து சொல்கிறேன்.