3 லட்சம் கட்டினேன், தவணையைக் குறைத்தது தப்பா?

மன்னார்குடி, பள்ளி ஆசிரியை:
தை மாதம் சீட்டு முடிந்து 3 லட்சம் கையில் வந்தது. வீட்டுக்கடனில் 15 லட்சம் பாக்கி, வட்டி 9 சதவீதம், இன்னும் 15 வருஷம். தவணை 15,214 ரூபாய். கிளையில் போய்க் கட்டினேன். கவுண்டரில் இருந்த தம்பி, “தவணையைக் குறைச்சிடவா மேடம்?” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். இப்போது 12,171. வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் திட்டுகிறார். அப்படி என்ன நஷ்டம்?

கும்பகோணம், பாத்திரக்கடை:
அண்ணன் சொன்னது சரிதாங்க. பழைய 15,214-ஐயே கட்டியிருந்தால் 15 வருஷம் 10 வருஷமாகியிருக்கும். இனிமேல் போகிற வட்டி சுமார் 6.23 லட்சம். நீங்கள் எடுத்த வழியில் 9.91 லட்சம். 3.68 லட்சத்தை பேங்க்காரன் அள்ளிக்கொண்டான்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி:
நானும் சம்பா அறுவடை முடிந்து நகைக்கடனில் 1 லட்சம் கட்டினேன். தவணை குறையுமா என்று யாரும் கேட்கவே இல்லையே?

தஞ்சாவூர், வங்கிக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்:
அய்யா, உங்களுடையதில் மாதத் தவணையே இருக்காது, அது வேறு கணக்கு. கடைக்காரத் தம்பி சொன்ன தொகை சரி, காரணம்தான் தப்பு. யாரும் அள்ளவில்லை. 12 லட்சத்துக்கு முதல் மாத வட்டி எந்த வழியிலும் 9,000தான். பழைய தவணையில் மீதி 6,214 அசலில் கழியும், அம்மா கட்டுவதில் 3,171தான் கழியும். அசல் மெதுவாகக் கரைவதால் வட்டி நீள்கிறது. மிஞ்சும் 3,043-ஐ மாதாமாதம் அசலுக்கே கட்டினால், இதுவும் 10 வருஷத்தில் முடியும். சம்பளம் தாமதமானால் அந்த மாதம் 12,171 போதும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் ஒன்று. சில இடங்களில் சின்னத் தொகையை அசலில் கழிக்க மாட்டார்கள், அடுத்த தவணைக்கு முன்பணமாக வைத்துவிடுவார்கள். கட்டிய மறுநாள் அசல் பாக்கியைப் பாருங்கள். குறையவில்லை என்றால் உடனே எழுதிக் கொடுங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடன் என்றால் முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

கும்பகோணம், பாத்திரக்கடை:
மாதாமாதம் யார் சார் ஞாபகமாகக் கட்டுவார்கள்?

மன்னார்குடி, பள்ளி ஆசிரியை:
அதுதான் சார் என் கதையும். முதல் மாதம் 3,043 கேஸுக்கும் மளிகைக்கும் போனது, அடுத்த மாதம் ஒரு கல்யாண மொய். பேசாமல் பழைய தவணைக்கே மாற்றச் சொல்லி நேற்று கடிதம் கொடுத்தேன். மேனேஜர் லீவாம். செயலியில் இன்னும் 12,171 என்றுதான் காட்டுகிறது.