அப்பா பெயரில் கொடுத்தேன், ரசீதில் சிக்கல்

மதுரைக்காரி:
போன தையில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். "மோதிரம் கீதிரம்னு எதுவும் வேண்டாம்மா" என்று முன்பே சொல்லிவிட்டார். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அதனால் கிராமத்துப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்கு அவர் பெயரில் 20,000 ரூபாய் அனுப்பினேன். 40 பிள்ளைகளுக்கு நோட்டும் ஜியோமெட்ரி பாக்ஸும், தலைக்கு 500 ரூபாய்.

வெறும் ரசீதை நீட்ட மனம் வரவில்லை. அதே பெட்டியில் ஒன்றை வாங்கி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். உள்ளே ஒரு சீட்டு: "இந்த வருஷம் உங்கள் பெயரால் 40 பிள்ளைகள் இதே பெட்டியோடு வகுப்புக்குப் போகிறார்கள்." தொகையை எழுதவில்லை. அப்பா காம்பஸை எடுத்துத் திருகிப் பார்த்தார். "திருகு லூசா இருந்தா வட்டம் சேராதும்மா, பாத்து வாங்கினியா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

இப்போது சிக்கல். ரசீதில் அப்பா பெயர், பான் எண் மட்டும் என்னுடையது. வருமான வரியில் 80ஜி நன்கொடைக் கழிவு கிடைக்குமா?

நெல்லை:
அப்பா பேர்லயே ரசீது இருக்கே, அவரே கழிச்சுக்கலாமே.

ஆடிட்டர் ஆபீஸ்:
இல்லைங்க. பணம் மகள் கணக்கிலிருந்து போயிருக்கிறது, கொடுத்தவர் மகள்தான். அப்பாவே கழிக்க வேண்டுமானால் அவர் கணக்கிலிருந்தே போயிருக்க வேண்டும். அப்போது பரிசு ரகசியமாக இருக்காது.

சகோதரி, ரசீதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்பா பெயரை விடுதியின் கடிதத்தில் தனியாக எழுதித் தரட்டும். தையில் கொடுத்த பணத்துக்கு மே 31க்குள் விடுதிக்காரர்கள் வருமான வரித் துறைக்கு 10பிடி படிவம் தாக்கல் செய்வார்கள். அதை வைத்துத்தான் உங்களுக்கு 10பிஇ நன்கொடைச் சான்று வரும். அதற்கு முன்பே சொன்னால் வேலை சுலபம். பிந்திவிட்டால் அவர்கள் திருத்தப் படிவம் போட வேண்டும். நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால்தான் இதெல்லாம். நோட்டும் பெட்டியும் நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் கழிவே கிடையாது.

கோவை ராணி:
என் அனுபவம் வேறு. அத்தையின் பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டோம், அவரையும் அழைத்துப் போனோம். அத்தை பெயரைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பாடச் சொன்னார்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் இலையையே பார்த்துக்கொண்டு பாடினான். அத்தை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அடுத்த வருடம் பாட்டு, போட்டோ எதுவும் கூடாது என்று பணம் கட்டும்போதே சொல்லிவிட்டேன்.

தஞ்சை:
அம்மா திதிக்குக் கோயிலில் அன்னதானத்துக்குக் கட்டலாம் என்றிருக்கிறேன். அதற்கும் சீட்டு எழுத வேண்டுமா?

மதுரைக்காரி:
திதிக்கு யார் கையில் கொடுப்பீர்கள் அண்ணா? கோயில் ரசீதை அம்மா படத்துக்கு முன்னால் வையுங்கள், அது போதும்.

ஆடிட்டர் சார், விடுதிக்கு இன்றே போன் செய்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனத்தாங்கல்தான், "சொந்தக்காரங்க முன்னாடி ஒரு பொட்டுத் தங்கம்கூட வைக்கலையே" என்று. அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.