வாசகம் இல்லாத ஒப்பந்தத்தைப் பார்ப்பதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
வணக்கம். ஒரு பணி ஒப்பந்தம் பார்வைக்கு வந்தது. ஒப்பந்தம் என்று பேர், உள்ளே ஒன்பது தலைப்புகள் மட்டும்: பயிற்சி, காம்பன்சேஷன், முடிவுறுத்தல் என்று. கீழே ஒரு வரி கிடையாது. "சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். இந்தப் பார்வைக்கு 'தலைப்புச் சரிபார்ப்பு' என்று போடலாமா?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி:
இதுக்கு ஏற்கெனவே நடைமுறை இருக்கே. வீட்டுக் கடன் கொடுக்கிறப்போ மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வக்கீலுக்கு அனுப்பி டைட்டில் பார்க்கச் சொல்வோம்.

மென்பொருள்காரர், சென்னை:
அது நில டைட்டில் ஐயா, இது வேற. 'வாசகமில்லா ஆய்வு' எப்படி? ஒப்பந்தம் எல்லாம் ஒரே அச்சுதான், தலைப்பு தெரிஞ்சா உள்ளே இருக்கிறதை ஊகிச்சிடலாம்.

வழக்கறிஞர், கோவை:
ஐயாவுக்கு வந்த குழப்பம் படிக்கிற எல்லாருக்கும் வரும். அதனால் 'தலைப்புச் சரிபார்ப்பு' வேண்டாம். 'சரிபார்ப்பு' என்றால் சரி என்று முத்திரை குத்தியதாகவும் ஆகிவிடும்.

ஊகம் பலிக்காது. 'முடிவுறுத்தல்' என்ற ஒரே தலைப்பின் கீழ் "இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்பு" என்றும் எழுதலாம். "நிறுவனத்துக்கு 30 நாள், பணியாளருக்கு 90 நாள், இரண்டு ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய்" என்றும் எழுதலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அந்த 2 லட்சம் உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈட்டையே நீதிமன்றம் தரும். ஆனால் அப்படி ஒரு தொகை இருப்பதே தலைப்பில் தெரியாதே! தவிர, பல ஒப்பந்தங்களின் கடைசியில் "தலைப்புகள் வசதிக்காக மட்டுமே, பொருள்கொள்வதற்கு அல்ல" என்று ஒரு ஷரத்து இருக்கும்.

தலைப்பை வைத்துச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எந்தத் தலைப்பு விடுபட்டிருக்கிறது என்று சொல்லலாம், உதாரணமாகத் தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது. இருக்கும் தலைப்புகளுக்குக் கேட்க வேண்டிய கேள்விகளைத் தரலாம். 'தலைப்பளவுப் பார்வை' என்றால் அந்த எல்லை சொல்லிலேயே வந்துவிடும்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:
எங்கட சட்டமூலங்களில 'வாசகம்' எண்டா அந்த ஷரத்தேதான். 'வாசகமில்லா ஆய்வு' எண்டு போட்டா, ஷரத்தே இல்லாத ஒப்பந்தம் எண்டு விளங்கிக்கொள்ளுவினம். தலைப்பளவு பரவாயில்லை, ஆனா 'பார்வை' மேலோட்டமாக் கேக்குது.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
மேலோட்டமாகக் கேட்பதே நல்லது அம்மா. 'காம்பன்சேஷன்' என்ற தலைப்பை முதலில் 'இழப்பீடு' என்று பெயர்த்திருந்தேன். இன்று முழு வாசகம் வந்தது. முதல் வரியே "மாதச் சம்பளம்".

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி:
'பார்வை'ன்னா ஃபீஸ் கேட்க முடியாதே?

வழக்கறிஞர், கோவை:
'தலைப்பளவுக் குறிப்பு' என்று போட்டால் கேட்கலாம் ஐயா. இன்னும் யோசிப்போம்.