பாட்மிண்டன் கிளப் கணக்கு: சந்தா வருமானம் 58,000-ஆ, 60,000-ஆ?

புதுப் பொருளாளர்: 31-3-2024-இல் முடிந்த ஆண்டு. 120 உறுப்பினர், ஆளுக்கு ஆண்டுச் சந்தா ரூ.500. பெறுதல்கள் செலுத்தல்கள் கணக்கில் சந்தா வரவு ரூ.58,000. அதில் 5,000 போன வருடப் பாக்கி, 3,000 அடுத்த வருடத்துக்கு முன்பணம். இந்த வருடத்துக்கு 16 பேர் கட்டவில்லை, அது 8,000. கழித்துக் கூட்டினால் மறுபடி 58,000 வருகிறது. வருவாய் செலவினக் கணக்கில் இதையே எழுதலாமா?

வங்கி ஓய்வூதியர்: எழுதலாம். பாக்கியைக் கூட்டிவிட்டீர்கள், மற்ற ஆண்டுப் பணத்தை நீக்கிவிட்டீர்கள். வேறென்ன வேண்டும்?

தணிக்கை உதவியாளர்: ஐயா சொன்ன முறை சரி, ஆனால் ஒன்று விடுபட்டிருக்கிறது. 120 பேருக்கு 500 என்றால் 60,000 வந்தாக வேண்டும். 2,000 குறைகிறதென்றால் நான்கு பேர் போன வருடமே இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டியிருப்பார்கள். அந்தப் பணம் இந்த வருட ரொக்கத்தில் எங்கும் தென்படாது. 31-3-2023 இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் பாருங்கள்.

புதுப் பொருளாளர்: பார்த்தேன், முன்கூட்டிப் பெற்ற சந்தா 2,000 இருக்கிறது! அப்படியானால் ஷட்டில், நெட் வாங்கிய 28,000-ஐ அப்படியே செலவில் போடலாம்தானே?

தணிக்கை உதவியாளர்: அது கடைக்காரருக்குக் கொடுத்த பணம், தீர்ந்த சரக்கின் மதிப்பு வேறு. தொடக்க இருப்பு, இறுதி இருப்பு, கடைப் பாக்கி மூன்றையும் சொல்லுங்கள்.

புதுப் பொருளாளர்: இருப்பு 6,000, 8,000. கடைப் பாக்கி போன வருடம் 4,000, இப்போது 7,000.

தணிக்கை உதவியாளர்: கொடுத்த 28,000-இல் பழைய பாக்கி 4,000 போக, புதுப் பாக்கி 7,000 சேர்த்தால் இந்த ஆண்டுக் கொள்முதல் 31,000. தொடக்க இருப்பைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் 29,000. செலவுப் பக்கம் போவது இதுதான். இறுதி இருப்பை அலமாரியைத் திறந்து எண்ணிப் போடுங்கள். மனக்கணக்கில் போட்டால் பிழை அடுத்த ஆண்டுத் தொடக்க இருப்பிலும் ஏறும்.

கிராம கிளப் செயலாளர்: எங்களுக்குச் சந்தாவில் சிக்கலே இல்லை. டோர்னமெண்டுக்கு 26,000 செலவானதால் அந்த வருடம் பற்றாக்குறை காட்டிவிட்டது.

வணிகவியல் ஆசிரியை: டோர்னமெண்டுக்கென்று தனி நிதி வைத்திருக்கிறீர்களா, சார்?

கிராம கிளப் செயலாளர்: 20,000 இருக்கிறது, மேடம். அதைத் தொடவில்லை.

வணிகவியல் ஆசிரியை: அங்கேதான் தவறு. செலவை முதலில் அந்த நிதியில் கழிக்க வேண்டும். நிதி போதாத 6,000 மட்டும் வருவாய் செலவினக் கணக்குக்கு வரும். பொருளாளருக்கும் ஒன்று: நெட் போஸ்ட், ரோலர் மாதிரி பல வருடம் உழைப்பதை ஷட்டிலோடு சேர்க்காதீர்கள். அது சொத்து, தேய்மானம் மட்டுமே செலவு.

புதுப் பொருளாளர்: நன்றி மேடம். நுழைவுக் கட்டணம் 9,000 வந்திருக்கிறதே?

வங்கி ஓய்வூதியர்: ஒருவர் ஒருமுறைதான் கட்டுகிறார். மூலதன நிதியில் சேருங்கள்.

வணிகவியல் ஆசிரியை: ஆண்டுதோறும் புது ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தால் வருமானமாகவே எடுக்கிறோம். உங்கள் கிளப் விதிமுறை என்ன சொல்கிறது?

புதுப் பொருளாளர்: விதிமுறையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.